பால் வண்டி வருவதற்கு முன் ஐந்து கிலோமீட்டர்

தாம்பரம் பக்கம் பதினெட்டு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். 43 வயதில் முதன்முதலாக 10 கிலோமீட்டர் பந்தயத்தில் ஓடினேன். அதன் பிறகு ஆறு பந்தயங்கள் ஆயிற்று. ஆனாலும் அந்த முதல் பந்தயத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்: அக்கா, விடிவதற்குள் கடை திறக்கும் நீங்கள் எந்த நேரத்தில் ஓடினீர்கள்? இருட்டில் பயமாக இல்லையா?

பால் வண்டி ஐந்து மணிக்கு வரும். நான் 4.10க்குக் கிளம்பி 4.50க்குத் திரும்பிவிடுவேன். முதல் மாதம் பயந்தது உண்மை. அதனால் தூரமாகப் போகாமல், கடையைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களையே பாதையாக்கிக்கொண்டேன். ஒரு சுற்று 1,250 மீட்டர், நான்கு சுற்று ஓடினால் 5 கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் கடை வாசல் விளக்கு கண்ணில் படும். வண்டிகள் எதிரே வரும் பக்கமாகவே ஓடுவேன். அப்போதுதான் வருவது கண்ணுக்குத் தெரியும். ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை வைத்த மேல்சட்டையும் உண்டு. நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடப்பேன். ஓடுகிறவரைத்தான் அவை துரத்தும். இரண்டு மாதத்தில் எங்கள் தெரு நாய்கள் தலையைக்கூடத் தூக்காமல் படுத்திருந்தன.

மூன்று ஆண்டுகளாகத் தினமும் ஓடுபவர்: தினமும் 5 ஓடுகிறவருக்கு 10 தானாக வந்துவிடும். தனியாகப் பயிற்சி எதற்கு? நான் அப்படித்தான் ஓடி முடித்தேன்.

ஓடி முடிக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் தினமும் 5 கிலோமீட்டரை ஒரே வேகத்தில், 40 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். ஆறாவது கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று என் கால்களுக்குத் தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பால் இறக்கும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் கூட்டினேன். பத்தாவது வாரம் முடியும்போது ஒரு ஓட்டம் 10 கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. மற்ற நாட்களில் பழைய 5 மட்டும்தான்.

நீண்ட ஓட்டத்தில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். எவ்வளவு குறைப்பது? என்னிடம் கைக்கடிகாரம் இல்லை. கடன் நோட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். "மாடி வீட்டம்மா முந்நூற்று நாற்பது, தையல்காரர் எண்பது" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. பெயருக்கும் தொகைக்கும் நடுவில் மூச்சு வாங்கினால் அதிகம்.

கல்லூரி மாணவி, மதுரை: பந்தயத்தன்று என்ன ஆயிற்று? வேகமாகக் கிளம்பியது தவறு என்று முன்பு எழுதியிருந்தீர்கள்.

ஜனவரி மாதம், சென்னைக் கடற்கரைச் சாலை, இன்னும் விடியவில்லை. மார்பில் குத்தும் எண் அட்டைக்குக் கடையிலிருந்து ஊக்கு அட்டை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் இரண்டு ஊக்குகளோடு திண்டாடினாள். அட்டை காற்றில் படபடத்தது. என்னிடமிருந்த இரண்டை அவளுக்குக் கொடுத்தேன். அவள் கை நடுங்கியது, என் கையும்தான்.

கிளம்பியதும் கூட்டம் இழுத்துக்கொண்டு போயிற்று. சுற்றிலும் ஆயிரம் காலடிச் சத்தம், பாட்டு, கைதட்டல். மூச்சு வாங்குவதே தெரியவில்லை. முதல் இரண்டு கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓடிவிட்டேன், அதாவது கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். என் பழக்கம் எட்டு நிமிடம். கடன் கணக்கு சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் விலாவில் பிடித்துக்கொண்டது. நான்காவதில் கால் கனத்தது. ஐந்தாவதற்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. அந்த இடத்தில் கிட்டத்தட்ட 38 நிமிடம். தினசரி ஓட்டத்தைவிட இரண்டு நிமிடம் முன்னால்தான் இருந்தேன். ஆனால் கையிருப்பு காலி.

பிறகு தண்ணீர் மேசைகளில் எல்லாம் நடந்தேன். இரண்டாம் பாதிக்கு 48 நிமிடம். மொத்தம் 1 மணி 26 நிமிடம். முதலிலிருந்தே எட்டே கால் நிமிடத்தில் நிதானமாகப் போயிருந்தால் மூன்று நிமிடமாவது மிஞ்சியிருக்கும். அதைவிடப் பெரிது, ஏழாவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியிருக்காது. வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் கிளம்பியதிலிருந்து ஒரே நடையாகப் பின்னால் வந்தார். எட்டாவது கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போனார். இப்போதெல்லாம் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு அவர் நினைவோடுதான் ஓடுகிறேன்.

அதே மாணவி: நீங்கள் முடிவுக் கோட்டைத் தாண்டும் புகைப்படத்தில் கடிகாரம் 1.29 காட்டுகிறதே அக்கா?

அது துப்பாக்கிச் சத்தத்திலிருந்து ஓடும் கடிகாரம். கூட்டத்தின் பின்பகுதியில் நின்ற நான் தொடக்கக் கோட்டைத் தாண்டவே மூன்று நிமிடம் ஆயிற்று. எண் அட்டையின் பின்னால் ஒரு சில்லு ஒட்டியிருக்கும். கோட்டை மிதித்த நேரத்திலிருந்து அது தனியாகக் கணக்கு வைக்கும். அந்த அட்டையை மடிக்காதீர்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: வெறும் வயிற்றில் ஓடினால் எடை குறையும் என்கிறார்கள். உங்களுக்கு எத்தனை கிலோ குறைந்தது?

எடை குறைக்க நான் ஓடவில்லை ஐயா, எடை பார்க்கவும் இல்லை. சாப்பாட்டைப் பற்றி என்றால் சொல்கிறேன். தினசரி 5 கிலோமீட்டருக்கு வெறும் வயிறு எனக்குப் போதும். நீண்ட ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம் தின்பேன். என்னோடு ஓடும் தபால் ஊழியர் ஒன்றுமே தின்னாமல் 15 கிலோமீட்டர் ஓடுகிறார், நன்றாகவே இருக்கிறார். இதில் எங்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை. ஒன்று மட்டும் இருவரும் ஒத்துக்கொள்கிறோம்: புதிதாக எதையும் பந்தயத்தன்று தின்று பார்க்கக்கூடாது.

திருநெல்வேலியில் பூக்கடை நடத்தும் அம்மா: எனக்கு 38 வயது. மூன்று மாதமாக மெதுவாகத்தான் ஓடுகிறேன். இரண்டு தெருவுக்கே நெஞ்சு படபடக்கிறது, படி ஏறினாலும் அப்படியே. பழகினால் சரியாகிவிடுமா?

மெதுவாக ஓடுகிறவருக்கு மூன்று மாதத்தில் சுலபமாகியிருக்க வேண்டும். படி ஏறும்போதும் படபடப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. எனக்கும் ஒரு சமயம் 9.8 இருந்தது. கடையில் நின்ற களைப்பு என்றே ஓராண்டு நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையோடு, சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பதையும் விட்டேன். தேநீர் இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. உங்களுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம், இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள் அம்மா.

ஈரோட்டுக்காரரே மீண்டும்: நாள் முழுதும் கடையில் நிற்கும் நமக்கு எந்தக் காலணி? பந்தயத்துக்கு மறுநாள் கடை திறந்தீர்களா?

காலணியை மாலையில் வாங்குங்கள். நின்று நின்று கால் வீங்கியிருக்கும் நேரத்தின் அளவுதான் நமக்கு உதவும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். காலையில் இறுக்கமாக வாங்கி, நான் இரண்டு நகம் கறுத்துப்போய்க் கிடந்தேன். பந்தயத்துக்குப் புதுக் காலணி வேண்டாம், சில வாரமாவது போட்டுப் பழகியது வேண்டும்.

மறுநாள் பால் இறக்கினேன். ஓடவில்லை. தொடை அப்படி வலித்தது. மேல்தட்டில் துவரம்பருப்பு டப்பாவை எடுக்க முக்காலியில் ஏறிவிட்டேன், இறங்க முடியவில்லை. வாங்க வந்த பையன்தான் கை கொடுத்தான். நான்காம் நாள் 4.10க்கு மறுபடி கிளம்பினேன், இரண்டே சுற்று.