சரக்கு எடுக்கும் முன் கேள்விகளை எண்ணிப் பார்

"அண்ணா, இங்க வந்து எட்டு மாசம் ஆச்சு. கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. ஆன்லைன்ல ஏதாவது வித்துப் பார்க்கலாம்னு நினைக்கிறேன். போன் ஸ்டாண்ட் 500 எடுத்தா பாதி விலைக்குத் தர்றதா ஒரு சப்ளையர் சொல்றார். நல்லா போகும்னு தோணுது. எடுத்துடட்டுமா?"

தம்பி, இப்போதைக்கு எடுக்க வேண்டாம். முதலில் உன் விசாவில் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மாணவர் விசாவிலும், ஒரே நிறுவனத்தோடு கட்டிய வேலை விசாவிலும் பல நாடுகளில் அதற்கு இடமில்லை. அந்த விஷயம் சரியாக இருந்தால் மேலே படி.

நான் வந்த இரண்டாவது குளிர்காலத்தில், அறைக்கு ஈரப்பதம் கொடுக்கிற சின்ன மெஷின்களை 200 வாங்கினேன். ஒரு சொல்லை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்று கோடாகக் காட்டுகிற கூகுள் ட்ரெண்ட்ஸை ஜனவரியில் திறந்தேன். கடைசி 90 நாள் கோடு நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே பணத்தை அனுப்பிவிட்டேன். சரக்கு கப்பலில் வந்து சேர்ந்தபோது மார்ச் முடியப் போகிறது, எல்லோரும் ஹீட்டரை அணைக்கிற நேரம். அதே பக்கத்தில் காலத்தை மட்டும் Past 5 years என்று மாற்றியிருந்தால் போதும், ஒவ்வொரு குளிரிலும் ஏறி ஒவ்வொரு வசந்தத்திலும் இறங்குகிற அதே மலை வரிசையாகத் தெரிந்திருக்கும். பெட்டிகள் அடுத்த குளிர்காலம் வரை என் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பணம் முடங்கியதைவிட, பார்க்க வேண்டியது கண் முன்னால் இருந்தும் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதனால் ட்ரெண்ட்ஸில் முதலில் பார்க்க வேண்டியது ஐந்து வருடக் கோட்டைத்தான். நாட்டையும் நீ விற்கப்போகிற நாடாக வை. உலகம் முழுவதற்குமான கோட்டில் வேறு ஊரின் கோடைகாலம் உன் குளிர்காலத்தோடு கலந்துவிடும். இன்னொன்று, அங்கே தெரிகிற 100 என்பது நூறு பேரோ நூறாயிரம் பேரோ இல்லை. நீ தேர்ந்தெடுத்த இடத்தில், அந்தக் காலத்தில், தேடல் உச்சத்தில் இருந்த நேரத்துக்கு 100 என்று பெயர். மற்ற எல்லாம் அதோடு ஒப்பிட்ட அளவுகள். யாரும் அதிகம் தேடாத பொருளுக்கும் ஒருநாள் 100 வரும். அதனால் தனியாக ஒரு சொல்லைப் பார்க்காதே. நன்றாக விற்பதாக உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் போட்டு ஒப்பிடு. உன் பொருளின் கோடு அதன் காலடியில் தரையோடு தரையாகக் கிடந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நம்மைப் போல் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒரு பொருளை இந்த ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்லித் தேடுகிறார்கள் என்பதே நமக்குத் தெரியாது. நாம் டார்ச் என்போம், வேறு நாட்டில் அதுவே ஃப்ளாஷ்லைட். தவறான சொல்லைப் போட்டால் நல்ல பொருள்கூட செத்த கோடாகத் தெரியும். விற்பனைத் தளத்தின் தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டிவிட்டு நிறுத்து. கீழே விழுகிற பரிந்துரைகளில் பெரும்பாலும் மக்கள் உண்மையில் தட்டுகிற சொற்கள் இருக்கும். அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு மறுபடி ட்ரெண்ட்ஸுக்குப் போ.

இரண்டாவது முறை நான் எடுத்தது மேசைக்கு அடியில் மாட்டுகிற கேபிள் ட்ரே. ஒயர், பிளக் போர்டு, அடாப்டர் எல்லாவற்றையும் தரையிலிருந்து தூக்கி வைக்கிற இரும்புத் தட்டு. மின்சாரப் பொருள் இல்லை என்பதால் அதற்கான சான்றிதழ் தொல்லை கிடையாது, உடையாது, பருவமும் இல்லை. ஐந்து வருடக் கோடு பெரிதாக ஏறவில்லை, ஆனால் விழவும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தேடல் பரிந்துரைகளில் துளை போடாமல் மாட்டுவது பற்றிய சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. வாடகை வீட்டில் இருப்பவர்களும் ஆபீஸ் மேசையில் கை வைக்க முடியாதவர்களும்தான் அப்படித் தேடுவார்கள் என்று நினைத்தேன். ஆக, ஸ்க்ரூ இல்லாமல் கிளாம்ப் போட்டு மேசை ஓரத்தைக் கவ்வுகிற வகை.

அடுத்து, ஏற்கெனவே விற்பவர்களின் பக்கங்கள். தேடல் முடிவின் முதல் இரண்டு பக்கங்களில் வந்த 11 லிஸ்டிங்கை ஒரு நோட்டில் எழுதினேன். படங்களை உற்றுப் பார்த்தால் அதில் ஏழு ஒரே அச்சில் வார்த்தவை, பிராண்டு பெயர்தான் வேறு. அதாவது, அதே தட்டை நானும் வாங்கி எட்டாவது ஆளாக நின்றால் விலையைக் குறைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது. ரிவ்யூ எத்தனை என்ற மொத்தத்தைப் பார்த்து மிரளாதே, அது பல வருடம் சேர்ந்தது. ரிவ்யூக்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, கடைசி மூன்று மாதத்தில் எத்தனை வந்தன என்று எண்ணு. அதுதான் இன்றைய நாடித்துடிப்பு. சில பக்கங்களில் பழைய ரிவ்யூக்களைப் படித்தால் வேறு ஏதோ பொருளைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பழைய லிஸ்டிங்கின் நட்சத்திரங்களைப் புதுப் பொருளுக்கு மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பக்கத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஈபேயில் Sold Items என்று வடிகட்டினால் அண்மையில் உண்மையிலேயே விற்றுப்போனவை மட்டும் தெரியும். அதையும் விற்பனைக்கு நிற்கிறவற்றின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நிற்பது அதிகம், போனது கொஞ்சம் என்றால் விலகிவிடு.

இதுவரை சொன்னதைப் பலரும் செய்கிறார்கள். என் பணத்தைக் காப்பாற்றியது அடுத்த வேலை. 11 லிஸ்டிங்கிலும் மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் உள்ள ரிவ்யூக்களையும், வாங்கும் முன் மக்கள் கேட்ட கேள்விகளையும் ஒன்று விடாமல் படித்தேன். நான்கு இரவுகள் ஆயின. ஏறக்குறைய 240 குறிப்புகள். ஒவ்வொன்றையும் ஒரே வரியாகச் சுருக்கி, ஒரே மாதிரி வந்தவற்றுக்குப் பக்கத்தில் கோடு போட்டேன். டெலிவரி தாமதம், பெட்டி நசுங்கல் போன்றவற்றைத் தள்ளிவிட்டேன், அவை பொருளைப் பற்றியவை இல்லை.

மிஞ்சியதில் அதிகம் வந்தது, 58 முறை, "என் மேசை இவ்வளவு தடிமன், பிடிக்குமா?" என்பது. இதுதான் வாய்ப்பு என்று முதலில் துள்ளினேன். பிறகு யோசித்தால், அந்தக் கிளாம்ப்கள் ஏற்கெனவே பெரும்பாலான மேசைகளைப் பிடிக்கின்றன. விற்பவர் அளவைப் படத்தில் போடவில்லை, அவ்வளவுதான். நான் அளவைப் போட்டு விற்றால் மறுநாள் அவர்களும் போடுவார்கள். தகவல் இல்லாமல் வருகிற கேள்வி வேறு, அப்படி ஒரு பொருளே சந்தையில் இல்லாமல் வருகிற கேள்வி வேறு. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுது. முதல் வகை உன் லிஸ்டிங்கை எழுத உதவும். எதை வாங்குவது என்பதை இரண்டாவது வகைதான் சொல்லும்.

அந்த இரண்டாவது வகையில் ஒரு புகார் 44 முறை வந்திருந்தது. "மேசை ஓரத்துக்குப் பக்கத்திலேயே அடியில் இரும்புச் சட்டம் ஓடுகிறது, கிளாம்ப் உள்ளே போகவில்லை." நான் அதுவரை அப்படி ஒரு மேசையை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் வாடகை அறையில் இருந்தது வெறும் பலகை மேசை. இந்த ஊர் வீடுகளுக்குள் நமக்கு அழைப்பு இல்லை தம்பி, ஆனால் அவர்கள் எழுதிய புகார்களைப் படித்தால் அவர்கள் மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்த மாதிரி. விற்றுக்கொண்டிருந்த கிளாம்ப்கள் ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டியவை. புகார் எழுதியவர்களில் அளவு குறிப்பிட்ட பலருக்கு 3 சென்டிமீட்டரிலேயே சட்டம் வந்துவிடுகிறது. தேவை, கொஞ்சமாக உள்ளே போய் இறுக்கமாகப் பிடிக்கிற குட்டை வாய்க் கிளாம்ப்.

ஒரு இடம் காலியாக இருப்பதற்குக் காரணமும் இருக்கலாம், அதையும் சோதிக்க வேண்டும். வாய் குட்டையானால் பிடிப்பு குறைந்து தட்டு தொங்கும் என்று பயந்தேன். தட்டு தொங்குவதைப் பற்றி ஏற்கெனவே 31 புகார்கள் வேறு இருந்தன. மூன்று சப்ளையர்களிடம் தலா ஒரு சாம்பிள் மட்டும் காசு கொடுத்து வாங்கினேன். பிளக் போர்டையும் மூன்று கனமான அடாப்டர்களையும் ஏற்றி இரண்டு வாரம் விட்டு, தினமும் நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு தொங்கின. மூன்றாவதில் கிளாம்ப்பின் தகடு அகலமாக இருந்தது, ரப்பர் வைத்திருந்தார்கள், அது அசையவில்லை. அதற்குப் பிறகுதான் கணக்கு: விற்பனை விலையிலிருந்து தளத்தின் கமிஷன், தபால், விளம்பரம், திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் எல்லாம் கழித்து மிஞ்சுவது என்ன? கமிஷன் மட்டுமே பல பிரிவுகளில் 15 சதவீதம் அளவுக்குப் போகும். நீளமான பொருளுக்குத் தபால் இன்னும் அதிகமாகக் கடிக்கும். அதனால் இரண்டு துண்டாகப் பிரித்து அடைக்கக்கூடிய தட்டாகக் கேட்டேன்.

முதலில் 60 தான் எடுத்தேன். ஒன்றின் விலை கூடுதல்தான். 500 எடுத்திருந்தால் குறைந்திருக்கும், ஆனால் தெரியாத பொருளில் 440 அதிகமாகக் கையில் இருக்கும். லிஸ்டிங்கின் முதல் படத்தில் மேசையின் அடிப்பக்கத்தைக் காட்டி, ஓரத்திலிருந்து சட்டம் வரை ஸ்கேல் வைத்து அளப்பது எப்படி என்று போட்டேன். ஐந்து வாரத்தில் 60-ம் போயின. நாலு திரும்பி வந்தன, நாலும் ஒரே காரணத்துக்கு: மேசை ஓரம் கீழே சரிவாகச் செதுக்கப்பட்டிருந்ததால் கிளாம்ப் வழுக்குகிறது. நோட்டைத் திறந்து பார்த்தேன். அது ஒன்பது முறை என் பட்டியலிலேயே இருந்தது. கொஞ்சம்தானே என்று கடந்து போயிருக்கிறேன். அடுத்த முறை சரிவான ஓரத்துக்குப் பொருந்தாது என்று படத்திலேயே எழுதினேன்.

இப்போது உன் போன் ஸ்டாண்ட். சப்ளையரிடம் மூன்று வாரம் அவகாசம் கேள். தரமாட்டேன், இன்றே முடிவு சொல் என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடு, ஸ்டாண்ட் செய்கிறவர் அவர் ஒருவர் இல்லை. அந்த மூன்று வாரத்தில் ஐந்து வருடக் கோட்டைப் பார், பத்துப் பன்னிரண்டு லிஸ்டிங்கை நோட்டில் எழுது, 200 புகார்களையாவது படித்துக் கோடு போடு. கனமான உறை போட்ட போன் நிற்கவில்லை, சார்ஜர் ஒயர் இடிக்கிறது, படுக்கையில் வைத்தால் சாய்கிறது என்று ஏதாவது திரும்பத் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். பொருளே இல்லாத குறை எதுவும் 20 முறைகூட வரவில்லை என்றால், அவர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்த 500 உன் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். வந்தால், எந்தக் குறை, எத்தனை முறை என்று எழுதி அனுப்பு. சாம்பிளை எப்படிச் சோதிப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.