வேலூர் 1806: ஒரே சம்பவம், இரண்டு பாடப்புத்தகங்கள்

"அய்யா, திருமங்கலத்தில் பி.எட். படிக்கிறேன். 1806-ல் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தது பற்றி அப்பாவின் பழைய பாடப்புத்தகத்தையும் தம்பி படிக்கும் புத்தகத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்றில் 'கலகம்', இன்னொன்றில் 'புரட்சி'. இதைத் தாண்டி எதுவும் எழுத வரவில்லை. எதைப் பார்ப்பது?"

முதலில் கதை எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய படங்களில், அப்பாவின் புத்தகம் ஜூலை 10 விடியற்காலையில் தொடங்குகிறது, அதாவது தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை நம்மவர்கள் தாக்கும் நேரத்தில். காரணமே சொல்லாமல் துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பித்தால் படிக்கிற பிள்ளைக்கு அது வெறும் வெறியாட்டமாகத்தான் தெரியும். உங்கள் தம்பியின் புத்தகம் அதற்குச் சில மாதங்கள் முன்னால் போகிறது: நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும் என்ற உத்தரவு, அதை மறுத்த இருவருக்கு மே மாதம் விழுந்த சவுக்கடி. இரண்டிலும் பொய் இல்லை, ஆனால் தொடக்கத்தை நகர்த்தியதுமே குற்றவாளி மாறிவிடுகிறார்.

முடிவையும் அப்படியே பாருங்கள். பழைய புத்தகம் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டதோடு நின்றுவிடுகிறது. புதியது, கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டது வரை போகிறது. கம்பெனியே தன் ஆட்கள் மேல் தப்பு கண்டது என்ற செய்தி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது, பழைய புத்தகத்தில் அது இல்லவே இல்லை.

அப்புறம் ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வினைச்சொல்லின் மேலும் செய்தவர் யார் என்று எழுதுங்கள். "சிப்பாய்கள் அதிகாரிகளைக் கொன்றார்கள்" என்று ஆள் சொல்லும் பழைய புத்தகம், மீட்ட பிறகு பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதை "பலர் கொல்லப்பட்டனர்" என்று முடிக்கிறது. சுட்டது யார்? உங்கள் பென்சில் அங்கே எழுத ஆளில்லாமல் நிற்கும். புதிய புத்தகமும் இதில் சுத்தமில்லை, மருத்துவமனையில் நோயாகப் படுத்திருந்த வெள்ளைக்காரர்களும் அன்று கொல்லப்பட்டதை "கோட்டை கைப்பற்றப்பட்டது" என்ற இரண்டே சொல்லில் தாண்டிவிடுகிறது. இதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு ஒருபக்கமாகிவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். விட்டுப்போனது எல்லாமே மறைத்ததாகாது. ஆறாம் வகுப்புக்கு அரைப் பக்கம், பத்தாம் வகுப்புக்கு நாலு பக்கம் என்றால் இடமில்லாமலும் விட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் அதே புத்தகத்தில் 1799 கயத்தாறு பகுதியைத் திறங்கள். அங்கே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது பானர்மேன் என்று பெயரோடு எழுதியிருந்து, வேலூரில் மட்டும் சுட்டவர் காணாமல் போயிருந்தால், அதற்கு இடப்பற்றாக்குறை காரணமில்லை.