வேகம் மாறாத நெடுநேர ஓட்டமும் ஏறும் நாடித்துடிப்பும்: கேள்வி பதில்

கல்லடியிலிருந்து ஒருவர்: கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 30 வினாடி என்ற ஒரே வேகத்தில் 75 நிமிடம் ஓடுகிறேன். 15ஆவது நிமிடத்தில் 142 ஆக இருந்த துடிப்பு முடிவில் 158. உடல் பலவீனப்படுகிறதா, சேர்?

இல்லை. தசைகளுக்குத் தேவையான இரத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவுதான் குறைகிறது. கணக்குக்காகத் தொடக்கத்தில் அதை 110 மில்லிலீற்றர் என வைத்தால், 142 துடிப்பில் நிமிடத்துக்கு 15.6 லீற்றர் கிடைக்கும். அது 99 மில்லிலீற்றராகக் குறைந்த பின் அதே 15.6 லீற்றரைத் தர 158 துடிப்பு வேண்டும்.

ஆனால் முதலில் அந்த 158 மெய்தானா என்று பாருங்கள். கைமணிக்கூட்டின் ஒளி உணரி சில வேளை காலடிகளையே துடிப்பாக எண்ணிவிடும். உங்கள் காலடிகளும் நிமிடத்துக்கு 160ஐ அண்டியிருக்கக்கூடும். மெய்யான ஏற்றம் சிறிது சிறிதாக வரும். பிழையான எண் திடீரெனத் தாவி அங்கேயே நிற்கும். ஓட்டத்தை நிறுத்தியவுடன் கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி, நான்கால் பெருக்கினால் தெரிந்துவிடும்.

ஏறாவூரிலிருந்து ஒருவர்: தண்ணீர் குடிக்காததுதானே காரணம்? குடித்துக்கொண்டே ஓடினால் ஏறாது.

பாதி சரி. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைய, இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறைகிறது. ஓட்டத்துக்கு முன் 68.0 கிலோ இருந்தவர் 300 மில்லிலீற்றர் குடித்தும் முடிவில் 66.9 கிலோ என்றால், ஏறத்தாழ 1.4 லீற்றர் வியர்த்திருக்கிறார். கச்சான் காற்று வீசும் நாட்களில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் சட்டை நனையாது, இழப்பும் தெரியாது, தராசுதான் சொல்லும். எனினும் இழந்ததை முழுவதும் குடித்தாலும் உடற்சூடு ஏறுவது நிற்பதில்லை, ஆகவே ஏற்றம் குறையுமே தவிர மறையாது.

அக்கரைப்பற்று, உடற்கல்வி ஆசிரியர்: சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்குப் போய்த் தேங்குவதால்தான் இதயம் நிரம்புவதில்லை என்று படித்தோமே?

பழைய விளக்கம் அதுதான். 1999இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சிறிதளவு பீட்டா புளொக்கர் கொடுத்துத் துடிப்பு ஏறாமல் தடுத்தபோது, தோலுக்கான இரத்தவோட்டம் குறையாதிருந்தும் துடிப்புக்கான அளவு குறையவில்லை. அதாவது சூட்டினால் துடிப்பு முதலில் கூட, இதயம் நிரம்பும் நேரம் சுருங்கி, அளவு குறைகிறது என்றே அவர்கள் முடிவுசெய்தனர். நான் இந்தப் பக்கம் சாய்கிறேன்; ஆனால் நீரிழப்பும் கடும் வெக்கையும் சேரும்போது எது எவ்வளவு என்ற விவாதம் முடியவில்லை.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: எனக்குச் சும்மா இருக்கும்போதே படபடக்கிறது. இதுவும் அதுதானா?

அன்று, ஐயா. இங்கே பேசுவது நெடுநேர உழைப்பின்போது வருவது. நீங்கள் டொக்டரைக் கண்டு ஈசீஜீ எடுங்கள்.

கல்லடியிலிருந்து மீண்டும்: கழுத்தில் எண்ணினேன், 156. அப்படியானால் வேகத்தைப் பிடிப்பதா, துடிப்பைப் பிடிப்பதா?

இலகுவான நீண்ட ஓட்டமென்றால் துடிப்பைப் பிடித்து வேகத்தைச் சற்று விடுங்கள். சூட்டில் ஏறிய துடிப்பு வெறும் எண்ணன்று. அந்த நேரத்தில் உடலின் உச்சத் திறனும் குறைந்திருப்பதால், அதே வேகம் உண்மையிலேயே கடினமாகிவிடுகிறது.