செலினியம்: ஒட்டிக்கொள்வதில்லை, கோக்கப்படுகிறது

ஹீமோகுளோபினில் இரும்பு வந்து உட்காருவதுபோல, உயிரணுவைத் தாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை முறிக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியில் செலினியம் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது, சரிதானே?

சேரும் இடம் சரி, சேரும் விதம் வேறு. அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகும்போதே செலினியம் அதில் ஒரு மணியாகிவிடுகிறது. அந்த மணியின் பெயர் செலினோசிஸ்டீன். மணிகளைச் சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ. மூலக்கூறு ஒன்று முதலில் செரின் என்ற வேறு மணியைத்தான் சுமக்கிறது. சுமையை இறக்காமலேயே அது செலினோசிஸ்டீனாக மாற்றப்படுகிறது.

வேடிக்கை இனிமேல்தான். இந்த மணிக்குரிய குறி யு.ஜி.ஏ.; மற்ற இடங்களில் பெரும்பாலும் அதற்கு 'நிறுத்து' என்றே பொருள். புரதத்துக்கான குறிகளைத் தாங்கிய செய்தி ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் கொண்டை ஊசி போன்ற ஒரு மடிப்பு இருந்தால்தான், புரதம் கோக்கும் ரைபோசோம் நிற்காமல் மணியைக் கோக்கும். செலினியம் போதாவிட்டால் புரதம் பாதியிலேயே அறுந்துவிடும்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? கந்தகம் உள்ள சிஸ்டீன் போதாதா?

செய்யும், மெதுவாக. உயிரணுவுக்குள் சிஸ்டீனின் கந்தகம் பெரும்பாலும் தன் புரோட்டானை விடாமல் பிடித்திருக்கிறது. செலினோசிஸ்டீன் அதை ஏற்கெனவே உதறிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு வந்ததும் பாய்வதற்குத் தயாராக இருக்கிறது. இந்தத் துடுக்கு நொதிக்குள் அடங்கியிருக்கும்வரை நல்லது.

என் மாமா தினமும் 200 மைக்ரோகிராம் மாத்திரையுடன் நாலைந்து பிரேசில் கொட்டையும் சாப்பிடுகிறார். நகம் பிளக்கிறது, மூச்சில் பூண்டு வாடை. பாதுகாப்பு கூடத்தானே செய்யும்?

கூடாது. நாளுக்குச் சுமார் 55 மைக்ரோகிராம் கிடைத்தாலே பெரும்பாலோருக்குப் போதும். தேவை நிறைந்தபின் எவ்வளவு கொட்டினாலும் இந்த நொதி மேலும் பெருகாது. மிஞ்சியது சிறுநீரில் போகும். அதற்கும் மேற்பட்டது ஆவியாகும் சேர்மமாகி மூச்சில் வெளியேறும். அந்தப் பூண்டு வாடை அதுதான். செலினைட் என்ற உப்பு வடிவில் மிஞ்சினால் இன்னும் மோசம்: அந்த நொதிக்கே தேவையான குளூட்டாதயோனைத் தின்று, உயிரணுவைத் தாக்கும் சூப்பராக்சைடை உண்டாக்கும். காவல்காரனே கன்னம் வைப்பதுபோல.

ஒரே கொட்டையில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம்; விளைந்த மண்ணைப் பொறுத்து மிகவும் மாறும். மாமாவின் கணக்கு, அமெரிக்காவில் உச்சவரம்பாகச் சொல்லும் 400 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கக்கூடும். இரண்டையும் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் செலினியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் பிளப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வாடையும் சேர்ந்திருப்பதால் சந்தேகப்படுகிறேன்.

2008-இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் 200 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஏறத்தாழ 200 மடங்கு. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள்: வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு, நகச் சிதைவு.

உச்சவரம்பு ஓரிடத்தில் 400, இன்னோரிடத்தில் 255 என்கிறார்கள். எது சரி?

அமெரிக்கக் கணக்கு 400, அது பழையது. 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 255 என்று குறைத்தது. முடி உதிர்வு எந்த அளவில் தொடங்குகிறது என்பதில்தான் இழுபறி. நான் 255-இன் பக்கம்.