பசளைக் காசு வரல, ஆர்.டி.ஐ. போட்டா யார்ட கையில நிக்குது எண்டு தெரியுமா?

"சேர், 2024/25 பெரும்போகத்துக்கான பசளைக் காசு பக்கத்து வயல்காரருக்கெல்லாம் வந்துட்டு, எங்களுக்கு வரல. காணி அப்பாட பேர்ல, மூணு ஏக்கர், செய்யிறது நான். கமநல சேவை நிலையத்துக்குப் போனா மேல அனுப்பிட்டம் எண்டுறாங்க, மேல கேட்டா கீழ கேளுங்க எண்டுறாங்க. ஆர்.டி.ஐ. போடலாமா? ஒரு ஆள் 3,000 ரூபா தந்தா போட்டுத் தாறன் எண்டுறார்." (படுவான்கரை, மட்டக்களப்பு)

போடலாம். ஆனா முதல்ல அந்த ஆளுக்கு ஒரு சதமும் குடுக்காதீங்க. ஆர்.டி.ஐ. எண்டுறது தகவல் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம், அதில விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்ல, ஆர்.டி.ஐ. 01 எண்டு ஒரு படிவம் இருக்கு, அது இல்லாட்டி வெள்ளைத் தாள்ல தமிழ்ல எழுதிக் குடுத்தாலும் வாங்கத்தான் வேணும், எழுத ஏலாதவங்க வாயால சொன்னா அலுவலரே எழுதி எடுக்க வேணும். இப்பிடி "போட்டுத் தாற" ஆக்கள் வங்கிப் புத்தகம், ஐ.டி. கொப்பி எல்லாம் கேட்பாங்க, மறுகா போனுக்கு வாற நம்பரையும் கேட்பாங்க. ஆர்.டி.ஐ.க்கு இதுல ஒண்டும் தேவையில்ல.

இனி உங்கட விஷயம். நிறையப் பேர் "எனக்கு ஏன் காசு தரல" எண்டு எழுதுறாங்க, "பரிசீலனையில் உள்ளது" எண்டு ஒரு வரிப் பதில் வருது, அதோட முடிஞ்சுது. சட்டம் தரச் சொல்றது பதிவில இருக்கிற தகவலைத்தான், அலுவலர்ட விளக்கத்த இல்ல. அதனால கடதாசியைக் கேளுங்க. பசளைக் காசு ஹெக்டயருக்கு 25,000 ரூபா, உங்கட மூணு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 30,000 வரும். அது வாற வழி எண்டா, நிலையத்தில லிஸ்ட், மாவட்ட அலுவலகம், கொழும்புத் திணைக்களம், மறுகா வங்கி. எங்கயோ ஒரு இடத்தில அறுந்திருக்கு, அந்த இடம் தெரியுற மாதிரிக் கேள்வி இருக்க வேணும்.

இப்பிடி எழுதுங்க: "2024/25 பெரும்போகப் பசளை மானியப் பட்டியலில் எனது பெயர் உள்ள வரியின் பிரதி, அதில் பதிந்துள்ள ஏக்கரும் கணக்கு இலக்கமும். அந்தப் பட்டியல் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட திகதியும் கடித இலக்கமும். வங்கியிலிருந்து பணம் திரும்பியிருந்தால் அதற்கான பதிவின் பிரதி. தற்போது எனது கோவையைக் கையாளும் அலுவலரின் பதவிப் பெயர்." இந்த நாலும் போதும். ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லவும் தேவையில்ல, கேட்டா சட்டத்தில இல்ல எண்டு சொல்லுங்க.

கையெழுத்து ஆர்ட எண்டதுலதான் உங்களுக்குச் சிக்கல். காணி அப்பாட பேர்ல இருக்கு, நீங்க உங்கட பேர்ல போட்டா "தனிப்பட்ட தகவல், தர ஏலாது" எண்டு திருப்பி அனுப்புவாங்க, ஐந்தாம் பிரிவில அப்பிடி ஒரு விலக்கு இருக்கு. ஆனா சம்பந்தப்பட்ட ஆள் எழுத்தில சம்மதம் குடுத்தா அந்தத் தகவலைத் தரலாம் எண்டும் அதே பிரிவு சொல்லுது. அதனால நீங்க எழுதி அப்பாட பேர்ல, அப்பாட கையெழுத்தோட போடுறது லேசு. இல்ல, நீங்கதான் போடுவீங்க எண்டா அப்பா கையெழுத்து வெச்ச சம்மதக் கடிதத்தைச் சேர்த்துக் குடுங்க. அப்பாவே தன்ர வரியைக் கேக்கிறப்போ தனிப்பட்ட தகவல் எண்டு சொல்றது பிழை, அது அவர்ட சொந்தத் தகவல். அதே மாதிரி பக்கத்து வயல்காரர்ட கணக்கு விபரத்தையும் கேக்காதீங்க, அத சாட்டா வெச்சு முழு விண்ணப்பத்தையும் தள்ளிடுவாங்க. உங்கட கண்டத்தில எத்தினை பேருக்குக் குடுத்த எண்டு மட்டும் கேக்கலாம். குத்தகைக்குச் செய்யிறவங்களும் லிஸ்ட்ல ஆர்ட பேர் கிடக்கு எண்டு முதல்ல பாக்கணும், சொந்தக்காரர்ட பேர் எண்டா அவர்ட சம்மதம் வேணும்.

கந்தோர்ல தகவல் அலுவலர்ட பெயரும் தொடர்பும் எல்லாருக்கும் தெரியிற இடத்தில போட்டிருக்க வேணும். போர்ட் இல்ல, அலுவலரே நியமிக்கல எண்டா, தலைமை அதிகாரிதான் தகவல் அலுவலர். மாவட்டக் கமநல அபிவிருத்தி அலுவலகத்துக்கு "தகவல் அலுவலர்" எண்டு முகவரி போட்டுப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. கையில குடுத்தா எழுத்தில பற்றுச்சீட்டு வாங்காம வராதீங்க, பியூன்ட மேசையில வெச்சிட்டு வந்து மாதக்கணக்கா காத்திருந்தவங்கள நான் கண்டிருக்கன். மேசை மேசையா ஆள அலைய விட்டுப் பழகின கந்தோர்களுக்கு அந்தச் சீட்டில இருக்கிற திகதி ஒண்டுதான் உறைக்கும்.

குடுக்கிறமா இல்லையா எண்ட முடிவை 14 வேலை நாளுக்குள்ள சொல்ல வேணும், சனி ஞாயிறு, போயா லீவு சேராது. மறுத்தா, இல்லாட்டி பேச்சுமூச்சு இல்லாட்டி, 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூணு கிழமை. அதுக்கும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் உரிமை ஆணைக்குழு. அவங்களும் தகவலைத் தரச் சொல்லித்தான் கட்டளை போடுவாங்க, காசைக் குடுக்கச் சொல்லி இல்ல.

பதில் வந்தா முதல்ல கணக்கு இலக்கத்தை அப்பாட வங்கிப் புத்தகத்தோட ஒவ்வொரு எண்ணா ஒத்துப் பாருங்க. ஒரு எண் பிழைச்சாலே காசு திரும்பிடும். பிழை எண்டா அந்தப் பிரதியையும் புத்தகப் பிரதியையும் வெச்சு, திருத்தச் சொல்லி ஒரு கடிதம் நிலையத்தில குடுத்து, உங்கட கொப்பியில திகதியோட சீல் வாங்குங்க. பேரே லிஸ்ட்ல இல்லையெண்டா, பதிஞ்ச நேரம் தந்த துண்டைத் தேடி எடுங்க, அப்ப பிரச்சினை கொழும்பிலயும் இல்ல வங்கியிலயும் இல்ல, உங்கட நிலையத்தில லிஸ்ட் போட்ட இடத்தில.