நேந்திரங்காய் சிப்ஸ்: ஒரு பாக்கெட் உண்மையில் என்ன விலைக்கு அடங்குகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நேந்திரங்காய் சிப்ஸ் பற்றியவை. ஓணம் ஆர்டரை நினைத்து எல்லோரும் இப்போதே வடச்சட்டியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டீர்கள் போல.

கே: சிப்ஸ் கிலோ என்ன விலைக்கு விற்கலாம்? உடனே பதில் தேவை. (கோவிந்தாபுரம்)

காய் என்ன விலைக்கு வாங்கினீர்கள், எந்த எண்ணெய், எத்தனை கிராம் பாக்கெட், எதுவுமே எழுதவில்லை. ஜோசியரிடம் போவதென்றாலும் பிறந்த தேதியைக் கொண்டுபோக வேண்டும். அடுத்த பதிலைப் படித்து, உங்கள் எண்களைப் போட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: 10 கிலோ காயில் 15 பாக்கெட் (200 கிராம்) போடுகிறேன். காயும் எண்ணெயும் சேர்த்து 830 ரூபாய். பாக்கெட்டுக்கு 55 அடக்கம், 80-க்கு விற்கிறேன். 25 ரூபாய் லாபம் என்றாலும் கையில் காசு தங்குவதில்லை. ஏன்? (வண்ணாமடை)

எண்களோடு எழுதியதற்கு நன்றி அம்மணி. உங்கள் காயும் எண்ணெயும் சரியாகத்தான் இருக்கின்றன. 10 கிலோவில் தோலும் காம்பும் போனால் 6 கிலோ சதை. அதில் தண்ணீர் ஆவியாகி, எண்ணெய் கொஞ்சம் ஏறி, கடைசியில் நிற்பது 3 கிலோ சிப்ஸ். காய் முற்றவில்லை என்றால் இது இன்னும் குறையும். ஒவ்வொரு லோடுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள். (தோலில் தோரன் வைத்தால் அது உங்கள் வீட்டுச் சாப்பாடு. அதைக் கணக்கில் கழிக்காதீர்கள்.)

நீங்கள் விட்டதை மட்டும் சொல்கிறேன். காய் கிலோ 45 என்று 450. எண்ணெய் கிலோ 400 என்று, சிப்ஸ் குடித்தது சுமார் 950 கிராம், 380 ரூபாய். இதுதான் உங்கள் 830. ஆனால் அடியில் கறுத்து நீங்கள் ஒதுக்கிவைக்கும் எண்ணெயும் இந்த லோடின் செலவுதான். அதற்கு ஒரு 40 போடுங்கள். கேஸ் 65, மஞ்சள் உப்பு 10, சந்தைக்குப் போய்வர 30. பை, ஸ்டிக்கர், அட்டைப்பெட்டிப் பங்கு என்று பாக்கெட்டுக்கு 8 ரூபாய், 15-க்கு 120. சட்டி, சீவுகட்டை, தராசு தேய்மானத்துக்கு 25. ஆக 1,120 ரூபாய் ரொக்கமாகவே போகிறது.

அப்புறம் 15-ஆல் வகுக்காதீர்கள். உடைசல், ருசி பார்க்கக் கொடுத்தது, கடையிலிருந்து நமுத்துத் திரும்பியது என்று ஒரு பாக்கெட் எப்படியும் போகும். விற்கிற பாக்கெட் 14. பதினான்கை 80-ஆல் பெருக்கினால் வருவதும் 1,120. கையில் காசு ஏன் தங்கவில்லை என்று கேட்டீர்களே, இதுதான் காரணம். இன்னும் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசா போடவில்லை.

கே: வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தான் மனைவி போடுகிறாள். அதற்குக் கூலி எழுதினால் விலை ஏறி யாரும் வாங்க மாட்டார்கள் அல்லவா? (கொழிஞ்சாம்பாறை)

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் கணவன்மார் கையெழுத்தில். வாழைக்கறை விரலில் ஏறாமல் இருக்க எண்ணெய் தடவிக்கொண்டு 10 கிலோ காய் உரித்துப் பாருங்கள், அப்புறம் சும்மா இருப்பதைப் பற்றிப் பேசலாம்.

மேலே சொன்ன லோடையே எடுத்துக்கொள்வோம். காய் வாங்கப் போய்வர அரை மணி. உரிக்க ஒரு மணி. வீட்டு வடச்சட்டியில் ஒரு ஈடுக்கு அரைக் கிலோதான் சீவிவிட முடியும், ஆறு கிலோவுக்கு 12 ஈடு. எல்லாம் பொரிந்து முடிய இரண்டு மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. பேக்கிங் முக்கால் மணி, சட்டி கழுவிச் சமையலறையைத் துடைக்க முக்கால் மணி. மொத்தம் ஐந்து மணி நேரம்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். கை கட்டுண்டு இருக்கிற நேரத்தை மட்டும் எழுதுங்கள். சிப்ஸ் ஆறுகிற அரை மணியில் வீட்டுக்குக் குழம்பு வைத்தால் அது கணக்கில் வராது. ஜல்லிக்கரண்டியோடு நிற்கிற நேரம் வரும். ஆரம்பித்த மணியையும் முடித்த மணியையும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தால் போதும். ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லோருமே குறைத்துத்தான் எழுதுவீர்கள்.

மணிக்கு எவ்வளவு? நூறு நாள் வேலைக்கே 2025-26-ல் கேரளத்தில் ஒரு நாளுக்கு 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336. எட்டு மணி என்று வைத்தால் மணிக்கு 40-க்கு மேல். சூடான எண்ணெய் முன்னால் நிற்கிறவருக்கு 50-க்குக் கீழே போடாதீர்கள். ஐந்து மணிக்கு 250. மொத்தம் 1,370, பதினான்கால் வகுத்தால் பாக்கெட் 98 ரூபாய். கிலோ 490. லாபம் இதற்கு மேல்தான்.

கூலி வேறு, லாபம் வேறு. ஓணத்துக்கு முந்தின வாரம் உங்கள் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, பக்கத்து வீட்டு அக்காவை வைத்து ஆர்டரை முடிக்க வேண்டி வந்தால் அவருக்குக் கூலி எங்கிருந்து கொடுப்பீர்கள்? 80 ரூபாய் விலையில் அதற்கு இடமே இல்லை. யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்தால் காயைக் குறைந்த விலையில் பிடிக்கப் பாருங்கள், பெரிய சட்டி வாங்கி ஈடுகளைக் குறையுங்கள். 12 ஈடு 6 ஆனால் நேரம் கணிசமாகக் குறையும். சட்டி கழுவுகிற நேரம் 10 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செலவை இப்படிக் குறைக்கலாம். மனைவியின் நேரத்தைப் பூஜ்யம் என்று எழுதுவதால் எந்தச் செலவும் குறையாது.

கே: எத்தனை கேஸ் செலவாகிறது என்று எப்படித் தெரியும்? சிலிண்டர் ஒரு மாதம் வருகிறது. (வேலந்தாவளம்)

வீட்டுச் சமையலும் அதிலேயே ஓடும்போது மாதக் கணக்கு எதற்கும் உதவாது. பொரிக்கும் முன்னும் பின்னும் சிலிண்டரைத் தராசில் வையுங்கள். 10 கிலோ காய்க்கு 700 கிராம் அளவில் குறைந்திருக்கும். 19 கிலோ வணிக சிலிண்டர் 1,800 என்றால் கிலோ சுமார் 95, ஆக ஏறக்குறைய 65 ரூபாய். வீட்டு சிலிண்டர் விலையைப் போடாதீர்கள். அதில் வியாபாரம் செய்வது விதிப்படி தவறு, நாளை வணிக சிலிண்டருக்கு மாறும்போது கணக்கும் இடிக்கும்.

கே: எங்கள் தோப்பு மட்டையும் கொட்டாங்குச்சியும்தான் எரிக்கிறோம். எரிபொருள் செலவு இல்லைதானே? (மீனாட்சிபுரம்)

கொட்டாங்குச்சியைக் கரிக்காரர் காசு கொடுத்துத்தான் எடுத்துப்போகிறார். அந்த விலையை எழுதுங்கள். மட்டை பொறுக்கி வெட்டுகிற நேரத்தையும் சேருங்கள். சொந்தத் தோட்டத்துக் காய்க்கும் இதேதான்: வியாபாரி தோட்டத்தில் வந்து கேட்கிற விலை.

கே: எண்ணெய் லிட்டரில் வாங்குகிறேன். கிலோ கணக்கு இடிக்கிறதே? (நல்லேப்பிள்ளி)

ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்தான். லிட்டர் விலையை 0.92-ஆல் வகுத்தால் கிலோ விலை.

கே: கடைக்காரர் 20 சதவீதம் கேட்கிறார். 98 அடக்கம், 10 லாபம், அதன்மேல் 20 சதவீதம் போட்டு 130 என்று அச்சடித்துவிட்டேன். சரிதானே? (கோபாலபுரம்)

தவறு. அவர் கேட்பது பாக்கெட்டில் அச்சடித்த விலையில் 20 சதவீதம். 130-ல் அவர் 26 எடுத்தால் உங்களுக்கு வருவது 104, நான்கு ரூபாய் போச்சு. 108-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 135. மிச்ச ஸ்டிக்கரை என்ன செய்வது என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள், அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். கடை பொள்ளாச்சியில் என்றால் ஒன்று: மாநிலம் தாண்டிச் சரக்கு விற்றால் விற்றுமுதல் சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு கேட்பார்கள். முதல் பெட்டியை அனுப்பும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். அவர் கட்டணத்தையும் பாக்கெட்டுகளுக்குப் பங்கிடுங்கள்.