பொழுது சாயும்போது சூறைக்குருவிகள் ஏன் அப்படிச் சுழல்கின்றன? கேள்வி பதில்

இருபது வருடமாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி ஏரிகளில் பறவை பார்க்கிறேன் என்பதால் இதை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை விட்டுவிட்டேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: அண்ணா, போன தை மாசம் எங்க ஏரியில் 5.50க்குச் சின்னச் சின்னக் கூட்டமா வந்துச்சு. ஆறு மணிக்கு மேல எல்லாம் ஒண்ணாகி, புகை மாதிரி நெளிஞ்சு, நடுவுல கறுப்பா ஒரு பட்டை ஓடுச்சு. 6.20க்குக் கருவேல மரத்துக்குள்ள மொத்தமா விழுந்துடுச்சு. என்னதான் நடந்தது?

நேரத்தைக் குறித்து வைத்தீர்கள் பாருங்கள், அதற்கே நன்றி. நீங்கள் பார்த்தது சூறைக்குருவி, ரோசா மைனா என்றும் சொல்வார்கள். உடம்பு ரோஸ் நிறம்தான், ஆனால் அந்த வெளிச்சத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். மத்திய ஆசியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிற மைனா இனம்.

பகலெல்லாம் காட்டிலும் கழனியிலும் பிரிந்து மேய்ந்தவை, அடைய மட்டும் ஒரே இடத்துக்கு வருகின்றன. அந்த இடம் அவற்றுக்கு மட்டுமா தெரியும், வேட்டைக்காரனுக்கும் தெரியும். தினமும் அதே மரம், அதே நேரம். குருவிக்கு அந்த நாளிலேயே ஆபத்தான நிமிடம் மரத்தில் இறங்குகிற நிமிடம்தான்: வேகம் குறையும், தாழ்வாக வரும், கிளைக்குள் வைரி மாதிரி வேட்டைப் பறவை உட்கார்ந்திருக்கலாம், மேலிருந்து பொரி வல்லூறு பாயலாம். முதலில் தனியாக இறங்குகிறவன் மாட்டினான். அதனால் யாரும் முதலில் இறங்குவதில்லை. மற்றவர்கள் வந்து சேரும்வரை, வெளிச்சம் இன்னும் மங்கும்வரை மேலேயே சுற்றிவிட்டு, மொத்தமாக விழுகின்றன. உங்கள் 6.20 அதுதான்.

கறுப்புப் பட்டை பெரும்பாலும் வல்லூறு பாய்ந்ததற்கான அடையாளம். அந்த இடத்தில் பறவைகள் திடீரென்று நெருங்கிவிட்டன என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு பறவையும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது அதன் இறக்கையின் அகலம் முழுக்க நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனாலேயே அந்த வரிசை கறுத்துத் தெரியலாம். ஒருத்தன் சாய, பக்கத்தில் இருப்பவன் சாய, அது அலையாக ஓடுகிறது. ரோமில் ஐரோப்பிய மைனாக் கூட்டங்களைக் கவனித்ததில், இந்த அலை ஓடும்போது வல்லூறின் பாய்ச்சல் அதிகம் தவறியது. வல்லூறுக்கு ஒரு குருவியைக் குறி வைத்தால்தான் பிடிக்க முடியும், இத்தனை பேர் ஒரே நேரத்தில் மினுங்கினால் எதைக் குறி வைப்பது?

தருமபுரி, புறா வளர்ப்பவர்: நம்ம கர்ணப்புறா பறக்குறப்ப ஒண்ணு முன்னாடி போகும், மத்தது பின்னாடியே போகும். இதுலயும் ஒரு தலைவன் இருக்கும்தானே?

புறா விஷயத்தில் உங்கள் கண் சரி. 2010இல் வந்த ஓர் ஆய்வில் வீடு திரும்பும் புறாக்களின் முதுகில் சின்ன ஜிபிஎஸ் கட்டிவிட்டுப் பார்த்தார்கள், யார் திரும்பினால் யார் பின்தொடர்வது என்று அதில் ஒரு வரிசையே இருந்தது. மைனாவில் அப்படி நிரந்தரத் தலைவன் இல்லை.

இதை நன்றாக அளந்தது ரோமில்தான், நம் சூறைக்குருவிக்கு உறவான ஐரோப்பிய மைனாவை வைத்து. அங்கே டெர்மினி ரயில் நிலையத்துக்கு முன்னால் குளிர்காலத்தில் பெரும் கூட்டமாக அடையும். எதிரே இருக்கும் அருங்காட்சியகத்தின் மொட்டை மாடியில் கேமராக்களை வைத்து, ஒரே நொடியில் வெவ்வேறு கோணத்திலிருந்து படம் எடுத்து, ஒவ்வொரு பறவையும் எந்த இடத்தில் இருந்தது என்று முப்பரிமாணத்தில் கணக்குப் போட்டார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றி ஆறேழு பேரை மட்டும்தான் கவனிக்கிறது. அந்த ஆறேழு பேர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி.

'தூரத்தில் இருந்தாலும்' என்பதுதான் இதில் விஷயம். இரண்டு மீட்டருக்குள் இருப்பவனைத்தான் பார்ப்பேன் என்று வைத்திருந்தால், வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறியதும் பக்கத்தில் யாருமே இருக்க மாட்டார்கள், கூட்டம் உடைந்துவிடும். தேர்க் கூட்டத்தில் குடும்பத்தோடு போகிறோம், நெரிசலில் பக்கத்தில் யார் இடித்தாலும் நம் கண் நம் ஆட்கள் மேலேயேதானே இருக்கிறது? இடைவெளி கூடினாலும் எண்ணிக்கை குறையாது. என்ன, குடும்பத்தில் ஆள் மாறாது, மைனாவுக்கு அந்த ஏழு பேர் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பார்கள்.

அதே நபர்: அப்ப திரும்புறதை யார் ஆரம்பிக்கிறது? யாராவது ஆரம்பிக்கணும்ல?

ஆரம்பிக்கிறது, மறுக்கவில்லை. அருகருகே இருக்கும் நாலைந்து பறவைகள் முதலில் திரும்புகின்றன, அது பக்கத்து ஏழு, அவற்றின் பக்கத்து ஏழு என்று பரவுகிறது. நொடிக்கு 20 முதல் 40 மீட்டர் வேகம். 400 பறவை உள்ள கூட்டம் முழுக்கத் திரும்பி முடிக்க அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். நம் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் திரும்பியதாகத் தெரிவது அதனால்தான். 1931இல் எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்துவிட்டு, ஒருவேளை மனதுக்கு மனம் எண்ணம் கடத்துகின்றனவோ என்றே புத்தகம் போட்டார். நம்மிடம் கேமரா இல்லையென்றால் நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

தேன்கனிக்கோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: குளிருக்கு ஒன்றாக அடைவதற்காக மற்றவற்றைக் கூப்பிடுகின்றன என்று படித்திருக்கிறேன். வல்லூறு கதை மிகைதானே?

சார், உங்கள் ஊர்க் குளிரில் அப்படித்தான் தோன்றும். ஐரோப்பிய மைனாவுக்காகப் பொதுமக்களிடமிருந்தே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. வேட்டைப் பறவை இருந்த நாட்களில் கூட்டம் பெரிதாக இருந்தது, நேரமும் நீண்டது, கலைந்து போகாமல் மொத்தமாக இறங்குவதும் அதிகம். குளிரை விடப் பாதுகாப்புதான் முக்கியக் காரணம் என்று முடிவு சொன்னார்கள். ஆனால் உங்கள் சந்தேகத்துக்கும் அதிலேயே இடம் இருக்கிறது: வேட்டைப் பறவை கண்ணில் பட்டது பத்தில் மூன்று முறைதான். மீதி ஏழு முறை ஏன் சுற்றின? வராவிட்டாலும் வரலாம் என்ற பயமா, ஆட்கள் பார்க்கத் தவறினார்களா, வேறு காரணமா, இன்னும் சண்டை நடக்கிறது.

பாலக்கோடு: எனக்கு சோளக்காடு. நீங்க ரசிக்கிறீங்க, நான் அழுறேன். அடையற இடத்துல வெடி போட்டா போயிடுமா?

அடையும் இடத்தில் போட்டால் மேலே எழும்பி இன்னும் அரை மணி சுற்றிவிட்டு அதே மரத்திலோ அடுத்த ஏரியிலோ இறங்கும், காலையில் உங்கள் காட்டுக்கு வரத்தான் செய்யும். காவல் காப்பதாக இருந்தால் கதிர் பால் பிடித்ததிலிருந்து காலையும் மாலையும் காட்டிலேயே காக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: வெட்டுக்கிளியை இது அவ்வளவு தின்னும், சீனாவில் சின்ஜியாங் பக்கம் இதற்காகவே கூடு கட்ட இடம் செய்து கொடுக்கிறார்கள். உங்கள் சோளத்துக்கு அது ஆறுதல் இல்லைதான்.

ஊத்தங்கரை, பதினோராம் வகுப்பு: சார், புராஜெக்ட்டுக்கு எத்தனை இருக்குன்னு எண்ணணும். எப்படி?

போட்டோ எடு தம்பி. படத்தின் மேல் கட்டம் போட்டு, அடர்த்தியாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, இடைவெளி விட்டு ஒன்று என மூன்று வகைக் கட்டத்தை எண்ணி, ஒவ்வொன்றையும் அந்த வகைக் கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டு. ஒரே கட்டத்தை எண்ணிப் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் ரோமில் அளந்ததில் கூட்டத்தின் நடுவை விட ஓரம்தான் நெருக்கம். கூட்டம் உருண்டையும் இல்லை, தோசை மாதிரித் தட்டை. பக்கவாட்டில் திரும்பும்போது எடுத்தால் ஒன்றன் பின் ஒன்று மறைந்து பாதிகூடத் தெரியாது, அகலமாக விரியும் நொடிக்குக் காத்திரு. கூடவே தினமும் வல்லூறு வந்ததா, எத்தனை மணிக்கு இறங்கின என்று இரண்டு வரி எழுதி வை, ஆசிரியர் சார் கேட்டதற்கு அதுதான் உதவும்.